எருமைக்கு வெயில் உறைக்கும்

எருமைக்கு மழை உறைக்காது என்று கேலி பேசுவோம். வெயில் நன்றாகவே உறைக்கும். கறுத்த தோல் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்கிறது, மறைக்க அடர்ந்த மயிரும் கிடையாது. வியர்த்து ஆறலாம் என்றால், பசுவுக்கு இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வியர்வைச் சுரப்பிகள்தான் எருமைத் தோலில். அதனால் வெளியிலிருந்து தண்ணீர் வந்தால்தான் அதன் உடம்பு ஆறும். குட்டையைக் கண்டதும் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது இதற்காகத்தான்.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு வீட்டில் மூன்று முர்ரா எருமைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிமென்ட் ஓட்டுக் கொட்டகை, கத்திரி வெயில், ஏரியில் தண்ணீர் இல்லை. பால் குறைகிறது. முதலில் மதியம் 2 மணிக்கு எருமையின் விலாப் பக்கம் நின்று, அது ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிழலில் நிம்மதியாக நிற்கும் எருமைக்கு மூச்சு 20ஐ ஒட்டியிருக்கும். 40ஐத் தாண்டினால் அது வெப்பத்தில் தவிக்கிறது. வாயைத் திறந்து நாக்கை நீட்டி எச்சில் ஒழுகவிட்டால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஏரியில் தண்ணீர் இருந்தால் 11 மணிக்கு இறக்கி 3 மணிக்கு ஏற்றிவிடலாம். சேற்றில் புரள்வது இன்னும் நல்லது. உடம்பில் ஒட்டிய சேறு மெல்லக் காய்வதால், கரையேறிய பிறகும் குளிர்ச்சி கொஞ்ச நேரம் நிற்கும், ஈயும் அண்டாது. ஆனால் கறந்த கையோடு குட்டைக்கு ஓட்டக்கூடாது. காம்புத் துளை மூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாகும், அதற்குள் சேறு பட்டால் மடிநோய்தான். முழங்கால் அளவுத் தண்ணீர் மதியத்தில் சுட்டுக் கிடக்கும், அதில் இறக்கியும் பயனில்லை.

நம் வீட்டில் ஏரி இல்லை, தெளிப்பான்தான் வழி. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். எருமையை நனைத்தால் மட்டும் போதாது, நனைந்த தண்ணீர் ஆவியாகிப் போகும்போதுதான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆகவே ஓரிரு நிமிடம் தோல் நனையும்படி தெளித்து நிறுத்தி, 10, 15 நிமிடம் மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, மறுபடி தெளிக்க வேண்டும். பனிபோல் தூவும் குழல்முனை வேண்டாம். தோல் வரை நனைக்கும் பெரிய துளிதான் எருமைக்குத் தேவை. காற்று நுழையாத கொட்டகையில் நாள் முழுக்கத் தண்ணீர் அடித்தால் புழுக்கம்தான் ஏறும், மூச்சு எண்ணிக்கை இறங்காது. கடலோர ஊர்களில் ஈரக்காற்று என்பதால் தெளிப்பானைவிட விசிறிக்கே அங்கு வேலை அதிகம்.

கூரைக்கு மேல் தென்னங்கீற்று போட்டு, உள்ளே ஓலைத்தட்டி கட்டினால் ஓட்டின் அனல் முதுகில் இறங்காது. வேம்போ புங்கமோ இருந்தால் பகலில் அதன் அடியில் கட்டுவதே மேல்.

செலவே இல்லாத ஒன்று தீனி நேரம், அதைத்தான் யாரும் மாற்றுவதில்லை. எருமைக்குள்ளும் ஓர் அடுப்பு எரிகிறது. தின்ற தீனி பெருவயிற்றில் நொதிக்கும்போது சூடு கிளம்பும், தின்று மூன்று நான்கு மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போகும். நார் மிகுந்த வைக்கோலில் சூடு கூடுதல். காலை 10 மணிக்கு வைக்கோலைப் போட்டால் உள்சூடும் வெளிவெயிலும் மதியம் ஒன்றாகச் சேர்கின்றன. எருமை தின்ன மறுத்துத் தலையைத் திருப்பிக்கொள்வது திமிரினால் அல்ல.

நம் வீட்டுக்காரர் 5 மணிக் கறவையின்போது தவிடும் புண்ணாக்கும் பாதியும், 6 மணிக்குள் பசுந்தீவனமும் வைத்துவிட வேண்டும். மீதித் தவிடும் புண்ணாக்கும் மாலைக் கறவைக்கு. வைக்கோலில் மூன்றில் இரண்டு பங்கை இரவு 8 மணிக்கு மேல் போடலாம். வைக்கோலைத் தின்னவில்லையே என்று தவிட்டையும் புண்ணாக்கையும் கூட்டக்கூடாது, வயிறு புளித்து இருப்பதும் கெடும். நேரத்தை ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் மெல்ல நகர்த்த வேண்டும். தொட்டித் தண்ணீர் நாள் முழுக்க நிழலில் இருக்கட்டும். வெயிலில் சுட்ட தண்ணீரை எருமை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

இரவில் வைக்கோல் போடப் போகிறவர் டார்ச் விளக்கை வாலடியிலும் ஒருமுறை அடித்துப் பார்க்கலாம். கோடையில் எருமை ஊமையாகப் பருவத்துக்கு வரும். கத்தாது, தாவாது, அறிகுறி தெரிந்தாலும் பெரும்பாலும் இரவிலோ விடியலிலோதான். கண்ணாடி போன்ற சளி ஒழுகலும், அடிக்கடி சிறுநீர் விடுவதும், பாலை அடக்குவதுமே அடையாளம். இரவில் கண்டால் மறுநாள் காலை வெயில் ஏறுமுன் சினை ஊசி போட்டுவிட வேண்டும்.