அச்சுக்கு முன் – 6: 'சுருட்டினார்' என்று எழுதக் கையில் என்ன இருக்க வேண்டும்?

தொழிலதிபர் ஒருவரின் மோசடியைப் பற்றிய கட்டுரை சட்டப் பார்வைக்கு வந்தால், வக்கீல் முதலில் கேட்பது அதனுடன் வர வேண்டிய கோப்பைத்தான். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைவை வரிவரியாகப் படிப்போம்.

கீழே உள்ள வரைவைப் பாடத்துக்காக நானே எழுதினேன். ஆளும் நிறுவனமும் கற்பனை. நடை மட்டும் நம் பத்திரிகைகளில் அன்றாடம் பார்ப்பது.

"மாதம் 8 சதவீத வட்டி என்று ஆசை காட்டி, ஆயிரக்கணக்கான ஏழைகளின் 40 கோடி ரூபாயைச் சுருட்டிய மோசடி மன்னன் தலைமறைவாகிவிட்டார். ஆளுங்கட்சிப் புள்ளி ஒருவரின் ஆசியோடுதான் எல்லாம் நடந்ததாகக் கூறப்படுகிறது. அவருடைய குடும்பமே இந்தப் பணத்தில் கொழிக்கிறது. அவரைத் தொடர்புகொள்ள முயன்றோம், பதில் இல்லை."

கோப்பில் இருப்பவை இவ்வளவுதான்: பொருளாதாரக் குற்றப்பிரிவு பதிவு செய்த முதல் தகவல் அறிக்கையின் நகல், அதில் முதல் எதிரியாக அவர் பெயர், 27 முதலீட்டாளர்களின் புகார்கள், மொத்தம் 1 கோடியே 60 லட்சம் ரூபாய், ஐந்து பேரின் டெபாசிட் ரசீதுகள், 40 கோடி என்ற தொகையைச் சொன்ன முன்னாள் ஊழியரின் பேட்டிக் குறிப்பு. அந்தத் தொகைக்கு வேறு ஆவணம் இல்லை.

இந்த வரைவைத் தொடும் முன் 1958 டிசம்பரில் லண்டனில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ரப்பர் இம்ப்ரூவ்மென்ட் என்ற நிறுவனத்தின் விவகாரங்களை லண்டன் மாநகரக் காவல்துறையின் மோசடித் தடுப்புப் பிரிவு விசாரிக்கிறது என்று டெய்லி டெலிகிராப், டெய்லி மெயில் ஆகிய இரண்டு நாளிதழ்கள் முதல் பக்கத்தில் செய்தி போட்டன. நிறுவனத்தின் தலைவர் ஜான் லூயிஸ், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர். அவரும் நிறுவனமும் வழக்குப் போட்டார்கள். போலீஸ் விசாரிக்கிறது என்றால் மோசடி செய்தார் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார் என்பது அவர்கள் வாதம். ஜூரிகள் இரண்டு இதழ்களும் சேர்ந்து இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் தர வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1963-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. விசாரணை நடக்கிறது என்ற செய்தியைப் படித்த மாத்திரத்தில் 'இவர் குற்றவாளி' என்று முடிவுகட்டுபவர் சாதாரண, நியாயமான வாசகர் ஆகமாட்டார். ஆகவே அந்தச் சொற்களுக்குக் குற்றம் செய்தார் என்ற பொருளை ஏற்ற முடியாது என்றது. அதே வழக்கில் நீதிபதி டெவ்லின் இன்னொன்றையும் தெளிவாக்கினார். ஒருவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னால், அதை நீங்களே சொன்னதாகத்தான் சட்டம் கொள்ளும். இந்தியாவில் சிவில் அவதூறுக்குத் தனிச் சட்டம் கிடையாது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் வழியில்தான் நம் நீதிமன்றங்களும் போகின்றன. அதனால் இந்த இரண்டு விதிகளும் நமக்கும் உறவுதான்.

பின்னாளில் ஆங்கில நீதிமன்றங்கள் இதை மூன்று படிகளாக வகுத்தன. கீழ்ப்படி: விசாரிக்கக் காரணம் இருக்கிறது. நடுப்படி: சந்தேகிக்க நியாயமான காரணம் இருக்கிறது. மேல்படி: குற்றம் செய்தார். வரைவின் ஒவ்வொரு வரியும் எந்தப் படியில் நிற்கிறது, கோப்பு எந்தப் படிவரை எட்டுகிறது என்று பார்ப்பதுதான் சட்டப் பார்வையின் சாரம். வரி மேலேயும் கோப்பு கீழேயும் இருந்தால் அங்கே ஆபத்து.

இப்போது முதல் வரி. 'சுருட்டிய', 'மோசடி மன்னன்' இரண்டும் மேல்படி. இங்கே பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமே ஏமாற்றுதல் என்ற குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதாவது 'மோசடி செய்தார்' என்று எழுதுகிறவர், அன்றைக்கு அந்த மனிதரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்கப் பொறுப்பேற்கிறார். 'முதிர்வுத் தேதி கடந்தும் பணம் தரவில்லை' என்று எழுதுகிறவருக்கு ரசீது போதும். வாசகருக்குப் போய்ச் சேரும் விஷயம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிரூபிக்க வேண்டிய சுமைதான் மலைக்கும் மடுவுக்கும்.

தொகையும் அப்படித்தான். கோப்பு தாங்குவது 1 கோடியே 60 லட்சத்தை. 40 கோடி என்பது ஒருவர் வாய்ச்சொல்; அவரும் வேலையை விட்டவர், அதிபர்மேல் மனக்கசப்பு உள்ளவராக இருக்கலாம். குறுக்கு விசாரணையில் முதலில் இழுக்கப்படும் நூல் அது. ஒரு தொகை பொய்த்தால், உண்மையான தொகையையும் நீதிபதி சந்தேகத்தோடு பார்ப்பார். 'ஆயிரக்கணக்கான ஏழைகள்' என்பதற்குப் பதிலாக 27 புகார்தாரர்கள் என்ற எண்ணே போதும்.

'தலைமறைவு' என்ற சொல் அடுத்தது. போலீஸ் அப்படி அறிவித்திருக்கிறதா? நீதிமன்றம் தேடப்படும் குற்றவாளியாகப் பிரகடனம் செய்திருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், சட்டத்துக்குப் பயந்து ஓடினார் என்ற பழியை நாமே சுமத்துகிறோம். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம், முன்ஜாமீன் மனுவோடு வக்கீல் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். நிருபர் கண்ணால் கண்டதை எழுதலாம்: நிறுவனத்தின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது, எந்தத் தேதியில் என்பதோடு.

இரண்டாவது வரியில் இருப்பது நம் செய்தி நடையின் பழைய கவசம்: 'கூறப்படுகிறது'. யார் கூறினார் என்று சொல்லாத இந்தச் சொல், டெவ்லின் சொன்ன விதியின் முன் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. வரியின் படியை அது கீழே இறக்குவதே இல்லை. அதோடு, பெயரைச் சொல்லாததால் தப்பிவிட்டோம் என்ற எண்ணமும் தவறு. அந்த ஊரில் ஆளுங்கட்சிப் புள்ளி என்றால் யாருக்கும் புரியும் ஒரே ஆள் இருந்தால், அவரும் வழக்குப் போடலாம். கோப்பில் இதற்கு எதுவும் இல்லை. வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.

குடும்பம் பற்றிய வரிக்கும் அதே கதி. மனைவியோ மகனோ நிறுவனத்தின் இயக்குநர் என்று கம்பெனிப் பதிவாளரின் ஆவணம் காட்டினால், இந்தத் தேதியிலிருந்து இயக்குநர் என்று எழுதலாம். அதற்கு மேல் 'கொழிக்கிறது' என்பதற்கு வங்கிக் கணக்கு வேண்டும்.

கடைசி வரி, 'பதில் இல்லை'. பாதுகாப்புக்கு இதுதான் அச்சாணி. ஆனால் வரைவில் மிகவும் மெலிந்திருப்பதும் இதுவே. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. குற்றவியல் அவதூறு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் போதும். குற்றவியல் வழக்கில் அது மட்டும் போதாது. வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். நல்லெண்ணத்தோடு எழுதினோம் என்று சொல்லித் தப்பவும் வழி உண்டு. ஆனால் உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்தது எதுவும் நல்லெண்ணம் ஆகாது என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. அச்சுக்குப் போகும் மாலையில் அடித்த ஒற்றை போன் அழைப்பு அந்தக் கவனத்துக்குச் சாட்சி ஆகாது. குற்றச்சாட்டுகளைத் தனித்தனிக் கேள்விகளாக எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்து, நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். பதில் வந்தால் அதன் சாரத்தைக் கட்டுரையின் வாலில் ஒட்டாமல், குற்றச்சாட்டுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நீதிமன்ற நடவடிக்கைகளைச் சாராம்சத்தில் உண்மையாக வெளியிட்டால் அவதூறு ஆகாது என்று 356-ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. காவல் நிலையக் காகிதத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்று நம்பி எழுதக் கூடாது. முதல் தகவல் அறிக்கையில் இருப்பது பெரும்பாலும் புகார்தாரர் சொன்னது. போலீஸ் கண்டுபிடித்தது என்று அதை எழுதினால் நடுப்படிக்கோ மேல்படிக்கோ தாவிவிடுகிறோம்.

இத்தனையும் பார்த்து, கோப்பில் இல்லாத நேரடிப் பயணத்தையும் எழுத்துக் கேள்விகளையும் முடித்தபின் வரைவு இப்படி நிற்கும்:

"மாதம் 8 சதவீத வட்டி தருவதாகச் சொல்லி வாங்கிய பணத்தை முதிர்வுத் தேதி கடந்தும் திருப்பித் தரவில்லை என்று 27 பேர் கொடுத்த புகார்களின் பேரில், நிறுவனத்தின் மீதும் அதன் நிர்வாக இயக்குநர் மீதும் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்திருக்கிறது. வர வேண்டிய தொகை 1 கோடியே 60 லட்சம் ரூபாய் என்கிறார்கள் புகார்தாரர்கள். அவர்களில் ஐந்து பேரின் ரசீதுகளைப் பார்த்தோம். ஐந்திலும் முதிர்வுத் தேதி கடந்துவிட்டது. நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நம் நிருபர் போன இரண்டு நாட்களும் அது பூட்டியிருந்தது. நிர்வாக இயக்குநருக்கு எழுத்து மூலம் ஏழு கேள்விகள் அனுப்பி ஐந்து நாள் அவகாசம் கொடுத்தோம். அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. வழக்கு விசாரணையில் இருக்கிறது."

சூடு குறைந்துவிட்டதே என்று ஆசிரியர் குழுவில் யாராவது முகம் சுளிப்பார்கள். 'பார்த்தோம்' என்று எழுதிய அந்த ஒரு வரியைக் காட்டுங்கள். முதல் வரைவில் பத்திரிகை தானாகச் சரிபார்த்த ஒரு விவரம்கூடக் கிடையாது. இதில் ஐந்து ரசீதும் இரண்டு பயணமும் இருக்கின்றன. 40 கோடி உண்மையாகவே இருக்கலாம். அதற்கு இன்னும் ரசீதுகளைத் தேட வேண்டும், ஊழியர் சொன்ன கணக்குப் புத்தகத்தைக் காண வேண்டும். அதை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உடலைத் திருத்திவிட்டுத் தலைப்பை மறக்கக் கூடாது. மேலே 'கோடிகளைச் சுருட்டிய கில்லாடி?' என்று போட்டால் கேள்விக்குறி காப்பாற்றாது. '27 பேர் புகார்: நிதி நிறுவன அதிபர் மீது வழக்கு' என்பதை உள்ளே இருக்கும் கோப்பே தாங்கும். படக்குறிப்புக்கும் அட்டைப்பட வரிக்கும் சுவரொட்டிக்கும் இதே கணக்குத்தான். சுவரொட்டி வாசகத்தை எழுதுபவர் கட்டுரையைப் படிக்காமலே எழுதுவது நம் அலுவலகங்களில் வழக்கம் என்பதால், அதுவும் வக்கீல் மேசைக்கு வந்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவு செய்தபிறகும் நோட்டீஸ் வரலாம். நோட்டீஸ் அனுப்பாமல், வெளிவரும் முன்பே தடை கேட்டு அவர் நீதிமன்றத்துக்கும் போகலாம். ஜீ நிறுவனத்தைப் பற்றி ப்ளூம்பெர்க் வெளியிட்ட செய்தியை நீக்கச் சொன்ன இடைக்கால உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஏன் ரத்து செய்தது என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)