ஹெல்மெட் போட்ட படம்: தலைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா?

ஒரு சிறுமி சைக்கிளில் அமர்ந்து சிரிக்கும் படம். ஹெல்மெட் இருக்கிறது, வாரும் மாட்டியிருக்கிறது. ஆனால் நெற்றி முழுக்கத் தெரிகிறது. வார் மோவாய்க்குக் கீழே தொங்குகிறது. இதே நிலையில் அவள் முன்பக்கமாகக் கவிழ்ந்தால், நெற்றி நேராகத் தரையில் மோதும். தளர்ந்த வாரால் ஹெல்மெட் இன்னும் பின்னுக்குச் சரியும், கழன்றும் போகலாம்.

இப்படி ஒரு படத்தை வைத்துச் சரிபார்க்க, முதலில் படம் சரியாக இருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி, கேமராவைக் கண் மட்டத்தில் பிடித்து, முன்னாலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுங்கள். கீழிருந்து எடுத்தால், சரியாகப் போட்ட ஹெல்மெட்டும் பின்னுக்குச் சாய்ந்ததுபோல் தெரியும்.

பக்கவாட்டுப் படத்தில் ஹெல்மெட்டின் விளிம்பு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்படத்தில் புருவத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. காதின் முன்னும் பின்னும் இறங்கும் வார்கள், காது மடலுக்குச் சற்றுக் கீழே ஒன்றுசேர வேண்டும். மோவாய் வாருக்கு அடியில் ஓரிரு விரல் நுழையும் இடமே போதும். அடியில் தொப்பியோ உச்சிக்கொண்டையோ இருந்தால் ஹெல்மெட் தலையில் படியாது.

அந்தச் சிறுமிக்கு, ஹெல்மெட்டை முதலில் நெற்றிக்கு இறக்கி, பின்புறத் திருகை இறுக்க வேண்டும். பிறகு காதுக்கு முன்னுள்ள வாரைச் சற்றுக் குறைத்தால், ஹெல்மெட் பின்னுக்குச் சரியாது. மோவாய் வாரைக் கடைசியாக இறுக்க வேண்டும்.

படம் காட்டாதவையும் உண்டு. கொக்கியை மாட்டியபின் வாயை அகலத் திறக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையை அழுத்தினால் வார் சரி. தலையை இடமும் வலமும் ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடினால் அளவு பெரிது. உள்ளிருக்கும் தெர்மோகோல் நுரை, ஒருமுறை நசுங்கித்தான் அடியின் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு மோட்டார் இருசக்கர வாகனங்களுக்கே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. மிதிவண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால், சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையதே. வாங்கும்போது உள்ளே ஒட்டிய சீட்டில் ஐரோப்பியத் தரமான EN 1078 அல்லது அமெரிக்கத் தரமான CPSC குறிப்பைப் பாருங்கள். ரசீதையும் கேட்டு வாங்குங்கள். கொக்கி நழுவினாலோ, தரக்குறிப்பு போலியென்று சந்தேகம் எழுந்தாலோ, ஹெல்மெட்டையும் ரசீதையும் படமெடுத்து வைத்து, கடைக்காரரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கவும் வழியுண்டு.