‘கட’ என்று எழுதினால் ‘கடை’ வருமா? – ட்ரை மரமும் அதன் நினைவகச் செலவும்

கையடக்கத் தொலைபேசியில் ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளை அழுத்தியவுடனேயே முழுச் சொற்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. இதைச் செய்யக்கூடிய தரவுக் கட்டமைப்புகளுள் ‘ட்ரை’ எனப்படும் மரம் முக்கியமானது. ‘மீட்டெடுத்தல்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதியை எடுத்து 1960இல் எட்வர்ட் ஃபிரெட்கின் இப்பெயரைச் சூட்டினார்.

கடல், கடலை, கடன், கடை, கடைசி ஆகிய ஐந்து சொற்களை எடுத்துக்கொள்வோம். வேரிலிருந்து ‘க’ என்ற ஒரே கிளை புறப்படுகிறது. அதிலிருந்து ‘ட’, ‘டை’ என இரு கிளைகள் பிரிகின்றன. ‘ட’வின் கீழ் ல், லை, ன் என மூன்று கணுக்களும் ‘டை’யின் கீழ் ‘சி’ என்ற கணுவும் அமைகின்றன. ஐந்து சொற்களிலும் மொத்தம் 14 எழுத்துகள் உள்ளன. வேரைத் தவிர்த்தால் மரத்திலோ 7 கணுக்களே. பொதுவான முற்பகுதி ஒருமுறை மட்டுமே எழுதப்படுவதே இதற்குக் காரணம்.

சொல் எங்கே முடிகிறது என்பதையும் மரம் அறிந்திருக்க வேண்டும். ‘டை’ என்ற கணுவில் ‘இங்கு ஒரு சொல் முடிகிறது’ என்ற அடையாளம் இடப்படாவிட்டால், ‘கடைசி’யின் நடுவே ‘கடை’ காணாமற் போய்விடும். மரத்தில் இட்ட சொல்லொன்று தேடும்போது கிடைக்காமல், அதைவிட நீண்ட சொல் மட்டும் கிடைக்குமாயின், முதலில் பார்க்க வேண்டியது இந்த அடையாளத்தைத்தான்.

இனி தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். மேற்கண்ட மரத்தில் ‘கட’ என்று தேடினால் கடல், கடலை, கடன் ஆகிய மூன்றுமே கிடைக்கும். ‘டை’ வேறு கிளையில் இருப்பதால் ‘கடை’ வராது. ஆனால் கணினி ‘டை’யை ஓர் எழுத்தாகச் சேமிப்பதில்லை. யுனிகோட் முறையில் அது ‘ட’ என்ற குறியும் ஐகாரக் குறியும் ஆகிய இரண்டின் சேர்க்கை. கணுவுக்கு ஓர் எழுத்து என்பதற்குப் பதிலாகக் கணுவுக்கு ஒரு குறி என வைத்தால், ஐந்து சொற்களும் ‘கட’ என்பதன் கீழேயே வந்துவிடும். கணுக்கள் 7இலிருந்து 10 ஆக உயரும். எழுதி முடிக்காதவருக்குச் சொல்லை ஊகித்துக் காட்டுவதற்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. மாறாக, கட்டங்களுக்குள் மறைந்திருக்கும் சொற்களைத் தேடும் புதிரில் ஒரு கட்டத்தில் ஒரு முழு எழுத்து இருக்கும். கட்டத்துக்கு ஒரு படியாக இறங்கும் எழுத்து மரமே அங்கு இயல்பானது. ‘க’வுக்கு அருகில் ‘ச’ இருந்தால், நமது மரத்தில் அப்படியொரு கிளை இல்லை என்பது உடனே தெரிகிறது; அத்திசையில் மேலும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

நினைவகச் செலவும் இந்தத் தெரிவையே சார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் அடுத்து வரக்கூடிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி ஒதுக்குவதே எளிய முறை. பெட்டியில் அடுத்த கணுவின் முகவரி இருக்கும். 64 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 8 பைட் தேவை. தமிழ் எழுத்துகள் 247 எனக் கொண்டால் ஒரு கணுவுக்கு 1,976 பைட். வேருடன் சேர்த்து 8 கணுக்களுக்கு 15,808 பைட். யுடிஎஃப்-8 முறையில் அந்த ஐந்து சொற்களின் வெறும் எழுத்துருவுக்கு 60 பைட் போதும்! ஒதுக்கிய 1,976 பெட்டிகளில் பயன்படுபவை 7 மாத்திரமே. குறி மரத்திலோ உயிர், ஆய்தம், மெய், உயிர்க்குறிகள், புள்ளி என 43 பெட்டிகள் போதும்; வேருடன் 11 கணுக்களுக்கு 3,784 பைட். கணுக்கள் கூடியும் செலவு நாலில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது.

247 என்ற கணக்கில் வேறொரு குறையும் உண்டு. ஹஜ், ஸகாத், ஜனாதிபதி போன்ற சொற்களுக்கு அதில் இடமே இல்லை. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கையும் சேர்த்தால் எழுத்து மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் 52 பெட்டிகள் கூடும். குறி மரத்தில் நான்கே கூடும்.

வெற்றுப் பெட்டிகளைத் தவிர்க்க, உள்ள கிளைகளை மட்டும் எழுத்தும் முகவரியுமாகச் சிறு பட்டியலில் வைக்கலாம். நினைவகம் பெருமளவு மிஞ்சும். ஆனால் பெட்டிக்கு நேரே செல்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு படியிலும் பட்டியலைத் துழாவ வேண்டியிருக்கும்.

அடிக்கடி மாறாத சொற்பட்டியலாயின் மரம் இல்லாமலும் சமாளிக்கலாம். வரிசைப்படுத்திய 1,00,000 சொற்களை ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துத் தேடினால், ஏறத்தாழ 17 ஒப்பீடுகளில் ‘கட’ தொடங்கும் இடத்தை அடைந்துவிடலாம். ‘கட’ எனத் தொடங்கும் சொற்கள் யாவும் அங்கிருந்து அடுத்தடுத்தே இருக்கும்.