தகவல் துளி: நிதி சேர்க்கும் ஓட்டத்துக்கு ஓர் அறிவித்தல்

தர்ம ஓட்டத்துக்கான அறிவித்தலில் பாதை, நேரம், கட்டணம் எல்லாம் இருக்கும். அந்தக் கட்டணத்தில் எவ்வளவு நோக்கத்துக்குச் சேரும் என்பதுதான் பெரும்பாலும் இருக்காது. 1,000 ரூபா கட்டணத்தில் பனியனுக்கும் தண்ணீருக்கும் 600 ரூபா போனால், மிஞ்சுவது 400 மட்டுமே. இதை அறிவித்தலிலேயே எழுதிவிட வேண்டும். செலவில்லாமல் ஓட்டம் நடக்குமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் கனடாவில் தொடங்கிய டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் பதிவுக் கட்டணமே இல்லை, விரும்பியதைக் கொடுக்கலாம். ஓடாமலும் நடக்காமலும் பணம் கொடுக்கலாமே என்பாரும் உண்டு. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையையும் பருத்தித்துறையையும் இணைத்து 27 நாள் நீண்ட 'ட்ரெயில்' நடைபயணம் அதற்குப் பதில். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை என்ற ஒரே நோக்கத்தைத் தெளிவாகச் சொன்னதால், தெற்கிலுள்ளவர்களும் வடக்கின் நோயாளருக்காக நடந்தார்கள், கொடுத்தார்கள்.

பாதுகாப்பையும் அதே தெளிவோடு எழுத வேண்டும். பாப்பாமோட்டைப் பக்கத்து மன்னார்–பூநகரி வீதி போன்ற நிழல் குறைந்த பாதையில் விடிவதற்குள் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பதே நல்லது. இருட்டில் வெளிர்நிற உடுப்போடு, எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலது ஓரமாகச் செல்லுங்கள். தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். அளவுக்கு மீறிய வெறுந்தண்ணீர் இரத்தத்தின் உப்பைக் குறைத்துவிடும். ஒருவர் தள்ளாடினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.