வாப்பாவின் வாட்ச் கணக்கும் டாக்டருக்கு எழுதும் செய்தியும்

துபாயில் கணவர், பிள்ளைகளோடு இருக்கும் நமதூர் சகோதரி ஒருவர் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஊரில் இருக்கும் வாப்பாவின் உடல்நிலை பற்றி டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி இரண்டு நாளாகியும் பதில் வரவில்லை என்று வருத்தப்பட்டார். அந்தச் செய்தியை நமக்கும் அனுப்பினார். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் உதவும் என்பதால், அவருடைய அனுமதியோடும் வாப்பாவின் அனுமதியோடும் பெயர் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறோம்.

அவர் எழுதியது இவ்வளவுதான்: "டாக்டர், வாப்பாவுக்கு அடிக்கடி மயக்கம் வருது. ராத்திரி தூங்கும்போது ஹார்ட் ரேட் திடீர்னு 104 போகுது. ரொம்பப் பயமா இருக்கு. உடனே பார்த்துச் சொல்லுங்க." அதோடு வாட்ச் வரைபடங்கள் பத்தொன்பதும், இரண்டு குரல் பதிவுகளும் இருந்தன. யாருடைய வாப்பா, வயது என்ன என்பதுகூட இல்லை. மாலையில் கூட்டம் நிரம்பி வழியும் கிளினிக்கில் இருக்கும் ஒரு டாக்டர் இதை வைத்து என்ன சொல்ல முடியும்?

முதலில் 'மயக்கம்' என்ற சொல்லைப் பார்ப்போம். பசித்தாலும் மயக்கம் என்கிறோம், தூக்கம் அசத்தினாலும் மயக்கம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். டாக்டருக்கு இவை எல்லாம் வேறு வேறு. வீடே சுற்றுவது போலிருந்தால் அவர் காதின் உட்பகுதியை முதலில் நினைப்பார். எழுந்து நின்றதும் கண் இருட்டிக் கால் தள்ளாடினால் இரத்த அழுத்தத்தை நினைப்பார். உட்கார்ந்திருக்கும்போதே நினைவு தப்பினால் இதயத்தை நினைப்பார். மகள் வாப்பாவிடம் மறுபடி கேட்டபோது, "சுத்தல்லம்மா, எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது, சுவத்தப் புடிச்சு நின்னா சரியாப் போவுது" என்றாராம். இந்த ஒரு வரி பத்தொன்பது படங்களைவிடப் பயனுள்ளது.

அடுத்தது நேரம். வரைபடத்தில் நாடித்துடிப்பு 104-க்கு ஏறியது அதிகாலை 3:40 மணிக்கு. தூக்கத்தில் இதயம் இப்படி ஓடுகிறதே என்றுதான் மகள் பயந்தார். ஆனால் அவர் பார்த்தது தன் போனில், துபாய் நேரத்தில். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. அப்படியானால் ஊரில் அப்போது மணி 5:10. வாப்பா ஃபஜ்ருக்கு எழும் நேரம்! எல்லாச் செயலிகளும் இப்படிக் காட்டும் என்று சொல்ல முடியாது. வாப்பாவை ஒருநாள் குறிப்பிட்ட மணிக்கு நடக்கச் சொல்லி, உங்கள் போனில் அது எத்தனை மணியாகப் பதிவாகிறது என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரம் சரியானதும் 104-க்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடல் உடனே இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தையும் சற்று வேகப்படுத்தி ஈடுகட்டும். குழாய்கள் போதிய அளவு இறுகாவிட்டால் அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து, கண் இருட்டும். அதைச் சமாளிக்கத்தான் இதயம் ஓடியிருக்கிறது. அதாவது வாட்ச் காட்டியது உடல் செய்த பரிகாரத்தை. அழுத்தம் இறங்கியதை அது காட்டவில்லை. கையில் பட்டை கட்டி அளக்காமலே இரத்த அழுத்தம் சொல்வதாக விற்கும் மலிவு வாட்ச்களை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

சரி, குழாய்கள் ஏன் இறுகவில்லை? மாத்திரைகளைப் பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. வாப்பா பல வருடமாகக் காலையில் டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5 சாப்பிடுகிறார். ஆறு வாரத்துக்கு முன் வேறொரு டாக்டர், புராஸ்டேட் வீக்கத்துக்காக இரவில் டாம்சுலோசின் 0.4 கொடுத்திருக்கிறார். "அது ஒண்ணுக்குப் போற மாத்திரைதானே" என்று வாப்பா யாரிடமும் சொல்லவில்லை. சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் அந்த மருந்து சிலருக்கு இரத்தக் குழாய்களையும் தளர்த்தும். கண் இருட்டுவது தொடங்கியதும் அது வந்த முதல் வாரத்தில்தான்.

ஊரில் இருக்கும் தம்பியிடம் வீட்டு பிபி மெஷினில் அளக்கச் சொன்னோம். ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகு ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. விழுந்துவிடாமல் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். தலை கிறுகிறுத்தால் உடனே உட்கார வைத்துவிட வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தாலே டாக்டர் கவனிக்க வேண்டிய விஷயம்.

மகள் மறுபடி எழுதிய செய்தி இது:

"அஸ்ஸலாமு அலைக்கும் டாக்டர். உங்களிடம் பிரஷருக்குப் பார்க்கும் (பெயர்), வயது 68, அவருடைய மகள். ஒரு மாதமாகப் படுக்கையிலிருந்தோ ஸஜ்தாவிலிருந்தோ எழும்போது கண் இருட்டுகிறது, அரை நிமிடத்தில் சரியாகிறது. வாரத்தில் நாலைந்து முறை. விழவில்லை, நினைவு தப்பவில்லை, நெஞ்சுவலி இல்லை. படுத்து 142/84, நாடி 64. நின்று ஒரு நிமிடத்தில் 116/72, மூன்று நிமிடத்தில் 112/70, நாடி 98. காலை 5:10 (இந்திய நேரம்) எழுந்தபோது வாட்ச்சில் 104. பழைய மாத்திரைகளோடு ஆறு வாரமாக இரவில் டாம்சுலோசின் 0.4, வேறு டாக்டர் கொடுத்தது. சீட்டுகளின் படமும் ஒரு வாட்ச் படமும் இணைத்திருக்கிறேன். எப்போது நேரில் அழைத்து வரச் சொல்லட்டும்?"

அன்று இரவே பதில் வந்தது: மறுநாள் காலையில் வரவும், அதுவரை எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம். நேரில் ஈசிஜியும், இரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, உப்புச் சத்தும் பார்த்துவிட்டு, மற்ற டாக்டரோடு பேசி மருந்தை மாற்றிக் கொடுத்தார். படுக்கை விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகே ஒளுவுக்கு எழ வேண்டும் என்றும் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், இப்போது வாப்பா நலம்.

வாட்ச்சை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சீரற்ற நாடித்துடிப்பு என்று அது எச்சரித்தால் அந்தப் பதிவைத் தனியாக அனுப்புங்கள். அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆப்பிள் வாட்ச் ஆய்வில், சுமார் 0.5 சதவீதம் பேருக்கு அந்த எச்சரிக்கை வந்தது. அவர்களில் நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பரிசோதித்த 450 பேரில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு பதிவானது. மற்றவர்களுக்கு அந்தச் சோதனையில் தென்படவில்லை. ஆகவே அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் கூடாது, நோய் உறுதி என்று அழவும் கூடாது.

இன்னொன்று. நோயாளி பக்கத்தில் இல்லாத உறவினரோடு அவர் சிகிச்சை பற்றிப் பேச, டாக்டருக்கு நோயாளியின் சம்மதம் தேவை. மத்திய அரசின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. வாப்பா அடுத்த முறை போகும்போது, "என் மகளிடம் பேசலாம்" என்று நேரிலேயே சொல்லி வைக்கட்டும்.

நினைவு தப்பி விழுந்தாலோ, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி வந்தாலோ, விழித்திருக்கும்போதே நாடி 40-க்குக் கீழே போய்த் தலை கிறுகிறுத்தாலோ, டாக்டருக்குச் செய்தி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். துபாயிலிருந்து 108-ஐ அழைக்க முடியாது. பக்கத்து வீட்டார் எண்ணைப் போனில் முதலாவதாகப் பதிந்து வைத்து, அவர்களை அழைக்கச் சொல்லுங்கள்.