மொக்கைக்கு ஒரு சீட்டு

சென்னையில் ஓர் அகராதி ஆசிரியர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வயது எழுபதை நெருங்குகிறது. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போக ஆறு மாதம்தான் இருக்கிறது. உதவியாசிரியரான இளம்பெண் அவர் மேசையில் ஒரு சீட்டை வைக்கிறாள். அதில் ‘மொக்கை’ என்று எழுதியிருக்கிறது.

“இது ஏற்கெனவே இருக்கேம்மா. மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில்.”

“அந்த மொக்கை இல்ல சார். பசங்க சொல்றது. படம் மொக்கை, ஜோக் மொக்கை.”

அவருக்குத் தெரியாத சொல் இல்லை. பேத்தி வீட்டில் தினமும் சொல்கிறாள். ஆனால் காதில் விழுந்தது என்பது அகராதிக்குச் சாட்சியாகாது. யார், எங்கே, எந்த ஆண்டில், எந்த வாக்கியத்தில் பயன்படுத்தினார்கள் என்பது எழுத்தில் வேண்டும். அதற்குத்தான் சீட்டு. இன்று அது கணினியில் ஒரு பதிவாக மாறியிருக்கலாம், ஆனால் கேட்கும் கேள்விகள் அவையேதான்.

அவருடைய தயக்கத்துக்குக் காரணம் காலம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2008இல், மூன்றாவது 2020இல். அச்சு அகராதி ஒன்றின் இரு பதிப்புகளுக்கு இடையே ஒரு குழந்தை வளர்ந்து பள்ளியை முடிக்கப் போகும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. இளைஞர்களின் சொற்கள் பலவற்றுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இன்று சேர்த்தால், புத்தகம் கடைக்கு வருவதற்குள் அந்தச் சொல்லைச் சொன்னவர்களே அதை மறந்திருக்கலாம்.

உதவியாசிரியர் வார இதழ்களிலிருந்தும் சினிமா விமர்சனங்களிலிருந்தும் எடுத்த சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்குகிறாள். முதலில் உள்ளவற்றில் மொக்கை மேற்கோள் குறிக்குள் நிற்கிறது. ‘இது என் சொல் இல்லை, பசங்க பேச்சு’ என்று எழுதியவர் ஒதுங்கி நிற்பதன் அடையாளம் அது. சில ஆண்டுகளுக்குப் பின் குறி உதிர்ந்துவிடுகிறது. நாற்பது வயதுக்காரரின் கட்டுரையில் இயல்பாக வருகிறது. ‘மொக்கை போடுகிறான்’, ‘மொக்கை வாங்கினான்’ என்று வினைகளோடு சேர்ந்து குடும்பம் நடத்துகிறது. எத்தனை முறை வந்தது என்ற கணக்கைவிட இந்த மாற்றம்தான் எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றுகிறது. ஒரே படத்தின் வசனத்தால் பரவிய சொல் நூறு முறை அச்சில் வரலாம். ஆனால் அது அந்த வசனத்தின் வடிவத்திலேயே வரும், புதிய வாக்கியங்களுக்குள் நுழையாது.

சேர்க்கலாம் என்று மனம் சாய்ந்த பிறகுதான் அவருக்கு உண்மையான சிக்கல் தொடங்குகிறது. இது தனிச் சொல்லா, பழைய மொக்கையின் இன்னொரு பொருளா? பொருளில் உறவே இல்லையென்றால் தனித் தலைச்சொல்லாகப் போட வேண்டும். இங்கே உறவு தெளிவாகவே தெரிகிறது. வெட்டாத கத்தி மொக்கை. சிரிப்பு வராத ஜோக்கும் மொக்கை. கூர்மை போனதைச் சொன்ன சொல், சுவை போனதையும் சொல்கிறது. அப்படியானால் பழைய பதிவுக்குக் கீழே இரண்டாம் பொருளாக எழுதினால் போதும்.

அடுத்தது வழக்குக் குறிப்பு. அமெரிக்காவில் வெப்ஸ்டரின் மூன்றாம் பதிப்பு 1961இல் வந்தபோது ‘எய்ன்ட்’ என்ற சொல்லால் பத்திரிகைகள் கொதித்தன. அந்தச் சொல் 1934ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பிலேயே இருந்ததுதான். அங்கே அது வட்டார வழக்கு அல்லது கல்லாதவர் பேச்சு என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. பிலிப் கோவ் தலைமையிலான குழு அந்த முத்திரையை எடுத்துவிட்டது. பலர் இதை ஏற்பதில்லை என்று குறிப்பிட்டதோடு, படித்தவர்கள் பலரும் பேச்சில் பயன்படுத்துகிறார்கள் என்றும் எழுதியது. நடந்ததைத்தான் எழுதினார்கள். ஆனாலும் மொழியைக் காக்க வேண்டியவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று வசை வந்தது.

நம் ஆசிரியருக்கும் அந்தப் பயம் உண்டு. ‘கொச்சை’ என்று எழுதினால் தமிழாசிரியர்கள் திட்டமாட்டார்கள். ஆனால் மொக்கையில் ஆபாசமோ வசையோ இல்லை. அந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். குறிப்பே இல்லாமல் விட்டாலும் தவறு. தமிழை அயல்மொழியாகக் கற்கும் ஒருவர், ‘தங்கள் கட்டுரை மொக்கை’ என்று பேராசிரியருக்குக் கடிதம் எழுதிவிடுவார். கடைசியில் பென்சிலை எடுத்து எழுதுகிறார்:

‘2. (பேச்சு வழக்கு, பெரும்பாலும் இளைஞர்களிடையே) சுவாரசியம் இல்லாதது, சலிப்பூட்டுவது.’

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது. வாக்கியத்தைப் படித்தாலே பொருள் விளங்க வேண்டும்: ‘இடைவேளைக்குப் பிறகு படம் மொக்கை, பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.’

“அடுத்தது சார்” என்று இன்னொரு சீட்டை நீட்டுகிறாள். கிரிஞ்சு. கீழே உள்ள சான்றுகளில் ‘க்ரிஞ்ச்’, ‘கிரிஞ்ச்’, ‘கிரிஞ்சு’ என்று மூன்று எழுத்துக்கூட்டல். பெயர்ச்சொல்லா, பெயரடையா என்பதும் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுகிறது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இடது பக்க இழுப்பறையைத் திறந்து, அடுத்த பதிப்புக்கான பெட்டியில், ‘க’ வரிசையில் வைக்கிறார்.