முந்நூறாவது கிரைண்டர்

கோவையில் வெட் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். ஊருக்கே புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த பொருள் அது. மோட்டாரைப் பூட்டி, பெல்ட் மாட்டி, கல்லை வைத்து, ஓடவிட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்து, அட்டைப் பெட்டியில் தெர்மாகோல் செருகி அடைக்கிறார்கள். நாளுக்குப் பதினாறு பெட்டி, மாதத்தில் 25 வேலை நாள், ஆக 400 கிரைண்டர். எல்லாமே விற்றும் போகிறது. உரிமையாளரிடம் கேட்டால் "பரவால்லீங்க, ஓடுது" என்பார்.

எத்தனை கிரைண்டர் விற்றால் "ஓடுது", எத்தனைக்குக் கீழே போனால் கைக்காசு கரையத் தொடங்கும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த எண்ணைத்தான் லாபமும் இல்லாத நட்டமும் இல்லாத புள்ளி என்கிறார்கள். பட்டறைக்காரர்கள் வாயில் அது 'பிரேக் ஈவன்'. கண்டுபிடிக்க ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் போதும். எதை எந்தப் பக்கம் எழுதுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

நம் பட்டறை இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை டீலருக்கு 3,000 ரூபாய்க்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டுரையில் வரும் பட்டறைக் கணக்கெல்லாம் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் பட்டறை எண்கள் வேறாக இருக்கும். ஒரு கிரைண்டருக்கு மோட்டார் 800, கல் 350, ஸ்டீல் டிரம் 400, பாடியும் மூடியும் 350, பெல்ட், சுவிட்ச், வயர் 100, பெட்டியும் தெர்மாகோலும் 100, பீஸ் ரேட் கூலி 50, லாரி வாடகை 70, வாரண்டிக்கென்று ஒதுக்குவது 30. கூட்டினால் 2,250. ஒரு கிரைண்டர் கூடுதலாகச் செய்தால் இந்த 2,250 கூடும், செய்யாவிட்டால் செலவாகாது. அதனால் இது மாறும் செலவு.

3,000-த்தில் 2,250 போக மிஞ்சும் 750 ரூபாயைப் பலரும் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது லாபம் இல்லை. வாடகைக்கும் சம்பளத்துக்கும் வட்டிக்கும் அந்தக் கிரைண்டர் தன் பங்குக்குக் கொண்டுவந்து போடும் காசு. கணக்கியலில் அதற்குப் பங்களிப்பு என்று பெயர்.

இனி மறுபக்கம். ஷெட் வாடகை 35,000, மாதச் சம்பளக்காரர்கள் ஐந்து பேருக்கு ஒரு லட்சம், கடன் வட்டி 20,000, இயந்திரத் தேய்மானம் 15,000, மின்சார நிலைக்கட்டணம் 5,000, ஆடிட்டர், இன்சூரன்ஸ், போன் எல்லாம் சேர்த்து 10,000. இவற்றோடு உரிமையாளரின் சம்பளம் 40,000. மொத்தம் 2,25,000. மாதம் முழுக்கப் பட்டறை பூட்டிக் கிடந்தாலும் இந்தத் தொகை மாறாது. 2,25,000-ஐ 750 ஆல் வகுத்தால் 300.

நாளுக்குப் பதினாறு என்ற கணக்கில் முந்நூறாவது கிரைண்டர் பத்தொன்பதாவது வேலை நாளில் பெட்டிக்குள் போகிறது. அதுவரை செய்ததெல்லாம் ஷெட்காரருக்கும் வங்கிக்கும் சம்பளக்காரர்களுக்கும். கடைசி ஆறு நாளில் செய்யும் 100 கிரைண்டர்தான், தலைக்கு 750 வீதம், 75,000 ரூபாய் லாபம் தருகிறது. செய்தால் மட்டும் போதாது, விற்றிருக்கவும் வேண்டும். குடோனில் அடுக்கிக் கிடக்கும் பெட்டி வாடகையைக் கட்டாது.

இந்தக் கணக்கில் வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. ஒன்று, உரிமையாளர் தன் சம்பளத்தை எழுதாமல் விடுவது. அந்த 40,000-ஐ விட்டுவிட்டால் 247 கிரைண்டரிலேயே கரை தெரிந்துவிடும். ஆனால் வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் கல்லாவிலிருந்து எடுக்கத்தானே செய்கிறார்? "நம்ம பட்டறைக்கு நாமளே சம்பளமா" என்று கேட்பவர், அதே வேலையை வேறொரு கம்பெனியில் செய்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்து அதை எழுதுவதே சரி.

இன்னொன்று ஜிஎஸ்டி. வெட் கிரைண்டருக்கான வரி 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு ஏறியது. பில்லில் 3,000 ரூபாயோடு 540 சேர்ந்து 3,540 என்று நிற்கும். அந்த 3,540-ஐ விற்பனை விலை என்று எடுத்துக்கொண்டால் பங்களிப்பு 1,290 ஆகத் தெரியும். பிரேக் ஈவன் 175 கிரைண்டர் என்று காகிதம் சொல்லும். மாதம் 250 விற்றுவிட்டு லாபத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார், உண்மையில் 37,500 நட்டம். வரி சர்க்கார் காசு. வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும் பட்டறை, இரண்டு பக்கத்திலும் வரி இல்லாத விலையையே எழுத வேண்டும்.

நிலைச்செலவு என்ற பெயரைப் பார்த்து அது நிலையாகவே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உற்பத்தியோடு சேர்ந்து ஏறி இறங்காது என்பதுதான் அதன் பொருள். வேறு காரணங்களால் ஏறும். தமிழ்நாட்டுச் சிறுதொழிலுக்கு இது நேரடியாகத் தெரிந்த சங்கதி. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் மாற்றப்பட்டபோது, குறைந்த அழுத்த இணைப்பு வைத்திருந்த தொழிற்கூடங்களுக்குக் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம், 50 கிலோவாட் வரை 75 ரூபாயாகவும் அதற்கு மேல் 150 ரூபாயாகவும் ஏறியது. 100 கிலோவாட் வாங்கிய லேத் பட்டறைக்கு 3,500 ரூபாய் 15,000 ஆயிற்று. ஆர்டர் இல்லாமல் மெஷின் நின்றாலும் கட்ட வேண்டிய காசு இது. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுவதும் சிறுதொழில் நிறுவனங்கள் ஒருநாள் கதவடைத்ததற்கு இந்த நிலைக்கட்டணம் ஒரு முக்கியக் காரணம்.

சரி, நம் பட்டறைக்கு வருவோம். விற்பது 400, கரை 300. இடையில் இருக்கும் 100 கிரைண்டரைக் கணக்கியலில் பாதுகாப்பு எல்லை என்பார்கள். விற்பனையில் எவ்வளவு சரிந்தாலும் முதலுக்கு மோசம் வராது என்று காட்டும் அளவு அது. 400-ல் 100 என்றால் 25 சதவீதம். ரூபாயில் சொன்னால், 12 லட்சம் விற்பனை 9 லட்சத்துக்கு இறங்கும்வரை பட்டறை தாக்குப்பிடிக்கும்.

ஒரு நாள் பெரிய டீலர் வருகிறார். 400-ல் 150 பெட்டி அவர் ஒருவரே எடுப்பவர். டீ குடித்துக்கொண்டே, "ஒரு நூத்தம்பது ரூவா கொறச்சுக்குங்க. இல்லீன்னா வேற பக்கம் பாக்கறாப்ல ஆயிரும்" என்கிறார். 3,000-த்தில் 150 என்றால் ஐந்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மோட்டார் விலையும் கல் விலையும் குறையப்போவதில்லை. 150 ரூபாயும் அந்த 750-லிருந்துதான் போக வேண்டும். பங்களிப்பு 600 ஆகிறது; ஐந்து சதவீதத் தள்ளுபடி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

எல்லா டீலருக்கும் அதே விலை கொடுக்க நேர்ந்தால் பிரேக் ஈவன் 375-க்கு ஏறும். முன்பு பத்தொன்பதாம் நாள் வந்த கரை இப்போது இருபத்து நான்காம் நாள்தான் வரும். 400 விற்றாலும் லாபம் 15,000. பாதுகாப்பு எல்லை 25 கிரைண்டர், அதாவது ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு நாள் மழையில் லாரி வராவிட்டால் போயிற்று. பழைய 75,000 லாபத்தை மீட்க 500 கிரைண்டர் விற்றாக வேண்டும். 'விலையைக் குறைத்து வால்யூமில் பிடித்துவிடலாம்' என்று பேசுகிறவர்கள் அந்தக் கூடுதல் நூறு பெட்டியை யார் வாங்குவார் என்று மட்டும் சொல்வதில்லை.

மிஞ்சும் காசு குறைகிறதே என்று, டிரம்மைத் தாமே செய்ய மெஷின் வாங்கலாம் என்ற யோசனையும் வரும். செலவு கிரைண்டருக்கு 150 குறையும், ஆனால் தவணை வட்டி, தேய்மானம், ஆபரேட்டர் சம்பளம் என்று மாதம் 90,000 கூடும் என்று வைப்போம். 2,850 விலையோடு கணக்கிட்டால் பங்களிப்பு மறுபடி 750. நிலைச்செலவு 3,15,000. பிரேக் ஈவன் 420. 400 விற்கும் பட்டறை அன்றே நட்டத்தில் நிற்கும். மாதம் 600-க்கு மேல் போனால்தான் மெஷின் இல்லாததைவிட மெஷின் இருப்பது லாபம். மெஷின் விற்க வருகிறவர் காட்டும் தாளில் 'பீஸுக்கு 150 மிச்சம்' என்ற வரி மட்டும்தான் இருக்கும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. 450-க்கு மேல் போக இன்னொரு ஷிப்டும் ஒரு சூப்பர்வைசரும் தேவைப்பட்டால் நிலைச்செலவு ஒரே தாவலில் ஏறும். புள்ளியை மறுபடி போட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய மாதம் 600, ஆடியில் 250 என்று விற்கும் தொழிலில் ஒரு மாதத்தைப் பார்த்து முடிவு கட்ட முடியாது. பன்னிரண்டு மாதமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடன் தவணையில் அசல் பகுதி செலவுக் கணக்கில் வராது, ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து போகும். அதனால் கரை தாண்டிய மாதத்திலும் கையில் காசு இல்லாமல் போகலாம்.

அந்த டீலருக்கு என்ன பதில் சொல்வது? கோபத்தில் போகச் சொல்லிவிட்டால் மிஞ்சுவது 250 கிரைண்டர்; மாதம் 37,500 நட்டம். அவருக்கு மட்டும் குறைத்தால் 22,500 போகும், 52,500 நிற்கும். விஷயம் மற்றவர்கள் காதுக்கு எட்டி எல்லாருக்கும் குறைத்தாலும் 15,000 மிஞ்சும். ஆக, மாற்று ஆள் கிடைக்கும்வரை குறைத்துக் கொடுப்பதைத் தவிர இன்றைக்கு வேறு வழியில்லை. பட்டறை மாட்டிக்கொண்ட இடம் அந்த 150 ரூபாய் அல்ல. பாதுகாப்பு எல்லை 100 ஆக இருக்கும்போது ஒரே ஆளிடம் 150 பெட்டியைக் கொடுத்து வைத்திருந்ததுதான். மற்ற டீலர்களைப் பெருக்கி, 400-ல் அவர் பங்கை 90-க்குக் கொண்டுவந்திருந்தால், அவர் போன பிறகும் 310 கிரைண்டர் விற்றிருக்கும். விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல் மாதக் கடைசியில் 7,500 ரூபாய் லாபம் நின்றிருக்கும்.